மின்தடைக்கு ஒரு பவர் ஸ்டேஷன்: எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது?

கேமரன் மலையில் பலத்த மழையும் காற்றும் வந்து ஒரு மரம் மின்கம்பியில் சாய்ந்தால் போதும், தானா ராத்தாவில் எங்கள் வீட்டுப் பக்கம் இரண்டு மூன்று மணி நேரம் இருட்டுதான். விடுமுறையிலும் எனக்கு இணையவழி இடுபணிகள் உண்டு. தம்பி எஸ்பிஎம் எழுதப் போகிறான். அதனால், ‘போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன்’ ஒன்று வாங்கலாம் என்று வீட்டில் முடிவானது. எதை வாங்குவது என்று கணக்குப் போடும் வேலை எனக்கு வந்தது.

விளம்பரங்களில் பெரிதாகத் தெரிவது ‘80,000 mAh’ போன்ற எண். அதை மட்டும் வைத்து இரண்டு கருவிகளை ஒப்பிட முடியாது. உள்ளே இருக்கும் பேட்டரியின் வோல்ட் அளவும் தெரிய வேண்டும். இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-மணி, அதாவது Wh கிடைக்கும். 80,000 என்பது 3.2 வோல்ட்டில் 256 வாட்-மணி, 3.6 வோல்ட்டில் 288. கருவியின் பின்புற லேபிளில் இந்த Wh எண்ணைத் தேடுங்கள். எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைச் சொல்வது இதுதான்.

எங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். இணையப் பெட்டிகள் இரண்டுக்கும் சேர்த்து 18 வாட், எல்இடி விளக்குக்கு 7, மடிக்கணினிக்குச் சராசரியாக 35. மொத்தம் 60 வாட். மூன்று மணி நேரத்துக்கு 180 வாட்-மணி. இரண்டு கைப்பேசிகளுக்கு 30 சேர்த்தால் 210. அப்படியானால் 256 வாட்-மணி தாராளம் என்று தோன்றும். ஆனால் மின்சாரத்தை மாற்றித் தரும்போது ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். 85 விழுக்காடு கைக்கு வரும் என்று வைத்தால் 217தான் மிச்சம். மூன்று மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

அடுத்த எண் W, அதாவது வாட். ஒரே நேரத்தில் எவ்வளவு மின்சாரம் தர முடியும் என்பதை இது சொல்கிறது. இந்த அளவுள்ள கருவிகள் பலவும் 300 வாட் தருபவை. குளிரில் தேநீர் போட 2,000 வாட் மின்சாரக் கெட்டிலைச் செருகினால், கருவி தன்னைக் காத்துக்கொள்ள உடனே மின்சாரத்தை நிறுத்திவிடும். ‘சர்ஜ் 600 வாட்’ என்று எழுதியிருந்தாலும் அது ஒரு கணத்துக்கு மட்டுமே. இன்னும் பெரிய கருவி வாங்கினாலும், ஒரு லிட்டர் தண்ணீரை 18 பாகையிலிருந்து, எங்கள் உயரத்தில் அது கொதிக்கும் ஏறக்குறைய 95 பாகைக்குக் கொண்டுவரவே 90 வாட்-மணி போய்விடும். அது எங்கள் மடிக்கணினிக்கு இரண்டரை மணி நேரம். தேநீருக்கு கேஸ் அடுப்பே சரி.

மூன்றாவதாக, வெளியீட்டுத் துளைகள். பலரும் கவனிக்காத இடம் இது. சுவர் பிளக் போன்ற ஏசி துளையை இயக்கினால், எதையும் செருகாவிட்டாலும் உள்ளே இருக்கும் இன்வெர்ட்டர் தனக்காக மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். அது 8 வாட் என்றால், 18 வாட் இணையப் பெட்டிகளுக்காக 26 வாட் செலவாகிறது. பதினான்கு மணி நேரம் வர வேண்டியது பத்து மணி நேரத்தைக்கூடத் தொடாது.

ஆகவே மடிக்கணினியையும் கைப்பேசியையும் யுஎஸ்பி-சி துளையில் செருகுவது நல்லது. உங்கள் மடிக்கணினி சார்ஜரில் ‘20V 3.25A’ என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 65 வாட். துளையின் அருகே அதற்குக் குறையாத எண் இருக்க வேண்டும். 18 வாட் துளையில் செருகினால் மடிக்கணினி சார்ஜ் ஏறாது, அல்லது வேலை செய்யச் செய்ய விழுக்காடு இறங்கும். இணையப் பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட் என்று இருந்தால், கருவியின் 12 வோல்ட் துளையிலிருந்தே அதை ஓட்டலாம். அதற்குமுன் ஆம்பியர் அளவு, பிளக் அளவு, பிளஸ் மைனஸ் திசை மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் வாங்குவோர் ஏசி துளை 230 அல்லது 240 வோல்ட்தானா என்பதையும் பார்க்க வேண்டும். 110 வோல்ட் கருவிகளும் விற்பனையில் உள்ளன.

பயணத்துக்கு வேறு கணக்கு. கோலாலம்பூருக்குப் பேருந்திலோ காரிலோ கொண்டுபோகலாம். ஆனால் சபா, சரவாக்கில் படிப்பவர்கள் விமானத்தில் 256 வாட்-மணியை எடுத்துச் செல்ல முடியாது. 100 வாட்-மணி வரை கைப்பையில் அனுமதி. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் இடமில்லை. அவர்களுக்கு 100க்குள் உள்ள, 65 வாட் யுஎஸ்பி-சி தரும் பவர் பேங்க் போதும்.

வாங்கிய பிறகு, மின்சாரம் இருக்கும் ஒரு மாலையிலேயே சோதித்துப் பாருங்கள். தேவையானவற்றை எல்லாம் கருவியில் செருகி, திரையில் வெளியேறும் வாட் எண்ணைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை விழுக்காடு குறைகிறது என்று குறித்துக்கொண்டால், உங்கள் வீட்டுக்கு அது எத்தனை மணி நேரம் வரும் என்பது விளம்பரத்தைவிடச் சரியாகத் தெரிந்துவிடும்.