‘21 நாளில் பழக்கம் மாறும்’னு புத்தகம் சொல்லுதா? அந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா?

காலை 5 மணிக்கு எழுவது, ஜிம், டைரி எழுதுவது... எதை ஆரம்பித்தாலும் ‘21 நாள் விடாம செய், அப்புறம் தானா வந்துடும்’ என்று யாராவது சொல்வார்கள். 22-வது நாளும் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குபவர், ‘நமக்குத்தான் உறுதி இல்லபோல’ என்று தன்னையே நொந்துகொள்வார். உண்மையில் தப்பு அவர்மேல் இல்லை, அந்த எண்மேல்.

தூக்கம், பழக்கம், வேலைத்திறன் பற்றிய புத்தகங்களில் ‘ஆய்வுகள் சொல்கின்றன’ என்ற வரி பக்கத்துக்குப் பக்கம் வரும். எந்த ஆய்வு, யாரை வைத்துச் செய்தது, அதில் உண்மையில் என்ன இருந்தது? ஒரே ஒரு கூற்றைப் பின்தொடர்ந்து போனாலே, புத்தகத்தை எவ்வளவு நம்பலாம் என்பது பிடிபட்டுவிடும். 21-ஐயே எடுத்துக்கொள்வோம்.

மூக்கிலிருந்து வந்த 21

மேக்ஸ்வெல் மால்ட்ஸ் அமெரிக்காவைச் சேர்ந்த பிளாஸ்டிக் சர்ஜன். மூக்கையோ முகத்தையோ மாற்றிக்கொண்ட நோயாளிகள், கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழக குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்று கவனித்தார். 1960-ல் வெளியான ‘சைக்கோ சைபர்நெட்டிக்ஸ்’ புத்தகத்தில் இதைக் குறிப்பிட்டார். அவ்வளவுதான். பரிசோதனை கிடையாது, ஒரு டாக்டரின் கிளினிக் அனுபவம். அதுவும் புது முகத்துக்குப் பழகுவது பற்றி. தினமும் ஓடுவது பற்றி அல்ல. பிறகு வந்தவர்கள் ‘குறைந்தது’, ‘சுமார்’ இரண்டையும் கழற்றிவிட்டார்கள். மிச்சம் இருப்பது 21 மட்டும்.

சரி, நிஜமாகவே அளந்து பார்த்தவர்கள் உண்டா? உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தது. ஒவ்வொருவரும் சாப்பாடு, குடிப்பது, உடற்பயிற்சி இவற்றில் ஏதோ ஒரு புது வேலையைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரே சூழலில், உதாரணமாக காலை உணவுக்குப் பிறகு, செய்ய வேண்டும். 84 நாட்கள், அதை எவ்வளவு ‘யோசிக்காமல்’ செய்தோம் என்று பதிவு செய்ய வேண்டும். வேலை தானாக நடக்கும் நிலையை எட்ட ஆன நாட்களின் நடு மதிப்பு 66. ‘21 இல்ல ப்ரோ, 66’ என்று இப்போது பல புத்தகங்களும் ரீல்ஸ்களும் சொல்வது இதை வைத்துத்தான்.

ஆனால் அந்த 66-ம் முழு உண்மை இல்லை. இங்கேதான் மூலக் கட்டுரையைத் திறந்து பார்ப்பதன் பலன் தெரிகிறது. சிலருக்கு 18 நாள் போதுமாக இருந்தது; ஒருவருக்கு 254 நாள் என்று கணக்கு வந்தது. ஆய்வு நடந்ததே 84 நாள்தானே, 254 எப்படி? வளைகோட்டை முன்னோக்கி நீட்டிப் போட்ட மதிப்பீடு அது. இன்னொன்று, அந்த வளைகோடு 96 பேரில் 39 பேருக்குத்தான் நன்றாகப் பொருந்தியது. அதாவது 66 என்பது சிறிய குழுவிலிருந்து வந்த நடு மதிப்பு. எல்லோருக்குமான கெடு இல்லை. லாலி குழுவே இதை மறைக்காமல் எழுதியிருக்கிறது. மறைந்து போனது புத்தகங்களுக்கு வந்து சேரும் வழியில்தான்.

அதே கட்டுரையில் நமக்கு உபயோகமான இன்னொரு விஷயமும் இருக்கிறது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது, பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஒரு நாள் தவறினால் மறுபடி ‘டே 1’ என்று ஆரம்பிக்கச் சொல்லும் சேலஞ்சுகளுக்கு இந்த ஆய்வு ஆதரவு தராது.

காணாமல் போன ஒரு பார்

பழக்கப் புத்தகமாவது நேரத்தை வீணாக்கும், தூக்கப் புத்தகம் பயமுறுத்தவும் செய்யும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகப் பேராசிரியர் மேத்யூ வாக்கர் 2017-ல் எழுதிய ‘வொய் வீ ஸ்லீப்’ உலகம் முழுக்க விற்ற புத்தகம். எழுதியவர் தூக்க விஞ்ஞானி என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. 2019-ல் அலெக்ஸி குசே என்ற ஆய்வாளர் அதன் முதல் அத்தியாயத்தை மட்டும் வரிவரியாகச் சரிபார்த்து ஒரு நீண்ட விமர்சனம் எழுதினார். அதைத் தொடர்ந்து வெளிச்சத்துக்கு வந்ததில் முக்கியமானது ஒரு வரைபடம்.

பள்ளி விளையாட்டு வீரர்களில் தூக்கம் குறையக் குறைய காயம் கூடுகிறது என்று புத்தகத்தில் அழகாக ஏறும் பார்கள் இருந்தன: 9 மணி நேரம், 8, 7, 6. மூல ஆய்வு 2014-ல் வந்தது, 112 மாணவர்களை வைத்துச் செய்தது. அதன் வரைபடத்தில் 5 மணி நேரத்துக்கும் ஒரு பார் இருக்கிறது. அதில் காயம் 6 மணி நேரத்தைவிடக் குறைவு! புத்தகத்தில் அந்தப் பாரையே காணோம்.

இதனால் ‘தூக்கம் தேவையில்லை’ என்று ஆகிவிடாது. 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் அதிகம் என்றுதான் அந்த ஆய்வும் சொல்கிறது. 112 பேரை இத்தனை குழுவாகப் பிரித்தால் ஓரத்தில் இருக்கும் குழு சின்னதாகத்தான் இருக்கும், எண்ணும் ஆடும். அதை அப்படியே போட்டு விளக்கியிருந்தால் பிரச்சினையே இல்லை. எழுதியவர் பேராசிரியர் என்பது மட்டும் சான்று ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஆய்வு இருந்தாலே போதுமா?

போதாது. ‘மன உறுதி பேட்டரி மாதிரி, பயன்படுத்தினால் தீர்ந்துவிடும்’ என்ற கருத்தைப் பாருங்கள். 1998-ல் ராய் பாமைஸ்டர் குழு, சுடச்சுட குக்கீஸ் முன்னால் உட்காரவைத்து, சிலரை வெறும் முள்ளங்கி மட்டும் தின்னச் சொன்னது. பிறகு தீர்வே இல்லாத ஒரு புதிரைக் கொடுத்ததும், குக்கீஸ் சாப்பிட்டவர்கள் சுமார் 19 நிமிடம் முயன்றார்கள். முள்ளங்கிக்காரர்கள் சுமார் 8 நிமிடத்தில் கைவிட்டார்கள். இது 2011-ல் ‘வில்பவர்’ என்ற புத்தகமாகவும் ஆனது. 2016-ல் 23 ஆய்வகங்கள், 2,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து இந்தக் கருத்தைச் சோதித்தன. விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம். சோதனை முறை சரியில்லை என்று பாமைஸ்டர் மறுத்தார். 2021-ல் அவருடன் பணியாற்றிய கேத்லீன் வோஸ் தலைமையில் 36 ஆய்வகங்கள் சேர்ந்து பார்த்தபோதும் கிடைத்தது மிகச் சிறிய விளைவுதான்.

அதனால் புத்தகம் குறிப்பிடும் ஆய்வின் பெயரோடு replication என்ற சொல்லைச் சேர்த்து கூகுள் ஸ்காலரில் ஒருமுறை தேடிப் பாருங்கள். வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா என்பது பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். (‘அட்டாமிக் ஹேபிட்ஸ்’ சொல்லும் ‘தினம் 1% முன்னேறினால் வருடத்தில் 37 மடங்கு’ என்பதற்கு இந்தத் தேடலே வேண்டாம். 1.01-ஐ 365 முறை பெருக்கினால் வரும் விடை அது. கூட்டுவட்டிக் கணக்கு சரிதான், ஆனால் மனிதர்களை வைத்து அளந்தது இல்லை.)

இந்தச் சோதனைகளைத் தாண்டி நிற்பவையும் இருக்கின்றன. மாதக்கணக்கில் தூக்கம் வராதவர்களுக்கான சிபிடி-ஐ என்ற உளவியல் சிகிச்சை முறை அப்படி ஒன்று. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த பிறகு, அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-ல் மாத்திரைக்கு முன்னால் முதலில் இதைத்தான் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. இதில் ஒரு படி, ‘எப்படியாவது 8 மணி நேரம்’ என்பதற்கு நேர் எதிரானது. படுக்கையில் 8 மணி நேரம் கிடந்து 5 மணி நேரம்தான் தூங்குகிறார் என்றால், படுக்கையில் இருக்கும் நேரத்தையே முதலில் 5, 5½ மணி நேரத்துக்குக் குறைப்பார்கள். தூக்கம் இறுகிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். முதல் சில வாரம் பகலில் கண் சொக்கும். அதனால் வண்டி ஓட்டுபவர்களும், வலிப்பு, பைபோலார் பிரச்சினை இருப்பவர்களும் இதைப் புத்தகத்தைப் பார்த்துத் தனியாக முயலக் கூடாது, டாக்டரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். நல்ல தூக்கப் புத்தகத்தில் இந்த எச்சரிக்கையும் இருக்கும்.