ஜூலையைக் காணாத வரைபடம்

கடையின் மாத விற்பனையை எக்செல்லில் எழுதி, ஜனவரி முதல் ஜூன் வரை வரைபடமும் போட்டாயிற்று. 8-வது வரிசையில் ஜூலைக் கணக்கை எழுதினால் வரைபடம் அசைவதில்லை. காரணம், அதன் நினைவில் இருப்பது `$B$2:$B$7` என்ற எல்லை மட்டுமே.

மாதந்தோறும் எல்லையை இழுத்து நீட்டுவது வீண் வேலை. தகவலுக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் நின்று `Ctrl+T` அழுத்துங்கள். தலைப்பு உண்டா என்று கேட்கும் பெட்டியில் டிக் செய்து `OK` கொடுங்கள். இப்போது அது அட்டவணை. அதையொட்டிய அடுத்த வரிசையில் ஜூலையை எழுதியதும் அட்டவணை நீளும். பழைய வரைபடமும் கூடவே நீளும்.

ஒரு வரிசையை வெறுமனே விட்டு எழுதினால் நீளாது. அட்டவணையின் வலது கீழ் மூலையிலுள்ள சிறு குறி புதிய வரிசைக்கு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைப் பிடித்து இழுக்கலாம்.

பலர் சறுக்குவது கூட்டுத்தொகையில்தான். அதைக் கடைசி மாதத்தின் கீழே கையால் எழுதினால், எக்செல் அதையும் ஒரு மாதமாக எண்ணி, மற்றவற்றைக் குள்ளமாக்கும் ஒரு ராட்சதத் தூணை நிறுத்திவிடும். `Table Design` பகுதியில் `Total Row` என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் தொகை வரைபடத்தில் சேராது. அதன்பின் புதிய மாதம் சேர்க்க, கடைசி மாதத்தின் கடைசிக் கட்டத்தில் நின்று `Tab` அழுத்துங்கள்.