பில் போட்டது வேறு, விற்றது வேறு

ஈரோட்டில் ஒரு சிறு நிறுவனம் கம்பு தோசை மாவுப் பொடியைச் சந்தைக்குக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். பொங்கலுக்கு முந்தைய வாரம் கடைக்காரருக்குக் கரும்பும் வெல்லமுமே கவனம். புதுச் சரக்கைக் கையில் எடுத்துப் பார்க்க மாட்டார். அதனால் பிப்ரவரி 1 என்று நாள் குறிக்கிறார்கள். திட்டத்தை அந்த நாளிலிருந்து பின்னோக்கித்தான் போட வேண்டும்.

முதலில் பாக்கெட். உணவுப் பாதுகாப்பு உரிம எண், எடை, விலை, தயாரித்த தேதி என எதில் தவறு இருந்தாலும் அச்சடித்த உறை முழுவதும் வீண். ஆகவே உறை வேலையை டிசம்பர் தொடக்கத்திலேயே முடித்துவிடுவது நல்லது. எடை 200 கிராம் போதும். ஒரு குடும்பம் அதை ஓரிரு வாரத்தில் தீர்த்துவிடும்; மறுபடி வாங்குகிறார்களா என்பது மாதம் முடிவதற்குள் தெரிந்துவிடும். ஒரு கிலோ பாக்கெட் என்றால் அது தெரியவே வெகுநாள் ஆகும்.

அடுத்து முன்னோட்ட விளம்பரம். ‘விரைவில் வருகிறது’ என்று பெயர் சொல்லாமல் புதிர் போடுவது பெரிய நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகலாம். சிறியவர்கள் பொருளையும் தேதியையும் கிடைக்கும் கடையையும் சொல்லிவிடுவதே சரி என்பது என் எண்ணம். அதையும் பத்து நாள் முன்னால், சரக்கு கிடங்குக்கு வந்த பிறகே தொடங்க வேண்டும். கேட்டு வந்தவருக்குக் கடையில் பொருள் இல்லையென்றால், கடைக்காரர் பக்கத்தில் இருக்கும் வேறொரு கம்பெனிப் பாக்கெட்டை எடுத்து நீட்டிவிடுவார். நாம் செலவழித்த விளம்பரம் அவர்களுக்குப் போய்ச் சேரும்.

வெளியீட்டு நாளில் 60 கடைகளுக்கு, கடைக்கு 20 வீதம், 1,200 பாக்கெட் போகிறது. பில் புத்தகம் நிறைந்திருக்கும், மனதும் நிறையும். ஏமாறுவது இங்கேதான். அது கடைக்காரர் வாங்கி அடுக்கியது. மக்கள் வாங்கியது அல்ல.

எனவே மாதக் கடைசியில் ஒருவர் 60 கடைக்கும் நேரில் போய் அலமாரியில் மிச்சம் எண்ண வேண்டும். 780 இருக்கிறது என்றால் விற்றது 420. அதில் 240 பாக்கெட், சரக்கு முழுதும் காலியான 12 கடைகளில் போயிருக்கிறது. மற்ற 48 கடைகளில் சேர்ந்தே 180தான். அந்த 12 கடைகளிலும் வாசலில் தோசை சுட்டு ருசி காட்டியிருந்தார்கள்.

ஆனால் ருசி பார்த்த உற்சாகத்தில் ஒருமுறை வாங்குவது எளிது. அதற்காகவே ஒவ்வொரு பாக்கெட்டிலும் அடுத்த முறைக்கு ஐந்து ரூபாய் தள்ளுபடிச் சீட்டு வைத்திருந்தார்கள். அந்த 12 கடைகளிலிருந்து சீட்டுகள் ஓரளவு திரும்பி வந்தால், மாவில் குறையில்லை, ஊருக்குத் தெரியவில்லை என்று பொருள். மற்றக் கடை வாசலிலும் தோசைக்கல்லைப் போடலாம். சீட்டே வரவில்லையென்றால் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, வாங்கியவர்களிடம் ருசியையும் விலையையும் பற்றிக் கேட்க வேண்டும். அதுவரை தேங்கிய 780 பாக்கெட்டின் மேல் புதுச் சரக்கைத் தள்ளக் கூடாது.