மாம்பழ மஞ்சளுக்கு ஓர் எண்

காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகளில் ‘எம்.எஸ். ப்ளூ’ என்று கேட்டால் தயங்காமல் எடுத்துப் போடுவார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திப் பேர் வாங்கிய நீலம் அது. ஆனால் கடைக்குக் கடை அது கொஞ்சம் மாறும். ஓரிடத்தில் பச்சை ஓடியிருக்கும், இன்னோரிடத்தில் கருநீலத்தை ஒட்டியிருக்கும். நேரில் பார்த்து வாங்குகிறவருக்கு இதனால் நஷ்டமில்லை. வேறு ஊரில் உட்கார்ந்து கேட்லாக் படங்களைத் திருத்தித் தரும் ரீடச்சருக்கு அந்தப் பெயரை மட்டும் எழுதி அனுப்பினால், அவர் மனத்தில் உள்ள நீலம்தான் படத்தில் வரும். படத்தை நம்பி வாங்கியவர் புடவையைத் திருப்பி அனுப்புவார்.

ஒரே டிசைனில் நான்கு நிறங்கள் இருந்தால், மாடலுக்கு ஒன்றை மட்டும் உடுத்திப் படமெடுத்து, மற்ற மூன்றையும் கணினியில் மாற்றிக்கொள்வது வழக்கம். செலவு அப்படி மிச்சம். அந்த வேலைக்குக் கடைக்காரர் எழுதும் கடிதம் எப்படி இருக்க வேண்டும்? ஒரு பத்தியை எழுதிப் பார்ப்போம்.

“KS-014-02 படம். உடல் மட்டும் மாற வேண்டும்: மாம்பழ மஞ்சள், L 74, a 16, b 78. கரையும் முந்தானையும் அரக்கு, அப்படியே இருக்கட்டும். சரிகையில் கை வைக்க வேண்டாம். துணித்துண்டு கூரியரில் வருகிறது. எண்ணும் துண்டும் ஒத்துவராவிட்டால் துண்டுதான் சரி.”

இந்த மூன்று எண்களில் L என்பது வெளிச்சம்: 0 என்றால் கறுப்பு, 100 என்றால் வெள்ளை. a கூடினால் சிவப்பு, குறைந்தால் பச்சை. b கூடினால் மஞ்சள், குறைந்தால் நீலம். துணியின் மேல் வைத்து அழுத்தினால் இவற்றைக் காட்டும் கையடக்கக் கருவிகள் உண்டு. அடியில் உள்ள மேஜையின் நிறம் ஊடுருவாதபடி துணியை நாலைந்து மடிப்பாக மடித்து அளக்க வேண்டும். துண்டை செல்போனில் படமெடுத்து அனுப்புவது வீண் வேலை. கடையின் ட்யூப்லைட்டும், தானாக நிறத்தைச் சரிசெய்யும் கேமராவும் சேர்ந்து வேறொரு மஞ்சளைத்தான் கொடுக்கும்.

பலர் கோட்டை விடுவது L எண்ணில்தான். படத்தில் உள்ள புடவை ஆழ்ந்த நீலம், அதன் L 31 என்று வைத்துக்கொள்வோம். போட்டோஷாப்பில் Hue/Saturation பலகையைத் திறந்து நிறத்தை மட்டும் மஞ்சளுக்குத் தள்ளினால் மாம்பழம் வராது, சாணிப் பழுப்புதான் வரும். மஞ்சளுக்கு வேண்டிய வெளிச்சம் அங்கே இல்லை. 31-ஐ 74-க்கு ஏற்றியாக வேண்டும். ஏற்றும்போது, கொசுவ மடிப்புகளுக்குள் கறுப்பாகப் பதிந்திருந்த இடங்களும் சேர்ந்து எழும். அங்கே நெசவின் இழை பதிவாகவே இல்லாததால் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தெரியும்.

எனவே மாடலுக்கு மஞ்சளை உடுத்திப் படமெடுத்து, அதிலிருந்து நீலத்தை உண்டாக்குவதே நல்லது. வெளிர் நிறத்தை இருட்டாக்கும்போது இழை அழியாது. வெளிச்சம் தெறிக்கும் இடங்கள் முழு வெள்ளையாகிவிடாமல் மட்டும் படமெடுப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலை முடிந்து வந்த படத்தை எங்கே சோதிப்பது? மடிப்பின் நிழலிலும் அளக்கக் கூடாது, மினுங்கும் மேட்டிலும் கூடாது. தோளிலிருந்து தட்டையாக இறங்கும் பகுதியில், வெளிச்சம் சமமாக விழும் இடத்தில், ஒரு புள்ளியை மட்டும் பார்க்காமல் சுற்றியுள்ள சிறு சதுரத்தின் சராசரியை எடுக்க வேண்டும். அது L 74, a 16, b 78 ஆகிய மூன்றையும் ஒட்டி இருந்தால் உடல் சரி.

அதற்குப் பிறகு மாடலின் முழங்கையைப் பாருங்கள். பட்டு தன் நிறத்தைப் பக்கத்தில் உள்ள தோலின் மேல் வீசும். மஞ்சள் புடவையை நீலமாக்கிய பிறகும் முழங்கையின் அடிப்பக்கமும் தாடையின் கீழும் மஞ்சளாகவே மின்னினால், மாற்றிய படம் என்பது அங்கேதான் காட்டிக்கொடுக்கும். “தோலில் விழுந்த நிறச்சாயலையும் எடுத்துவிடுங்கள்” என்று கடிதத்தில் தனியாக எழுதினால்தான் அந்த வேலை நடக்கும். கூடவே, முதலில் ஒரு படத்தை மட்டும் முடித்து அனுப்பச் சொல்வது இருவருக்கும் நல்லது. நாற்பது படங்களையும் மறுபடி திருத்துகிற ரீடச்சரின் இரவுகளுக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை.

எண்ணால் பிடிக்க முடியாத புடவையும் உண்டு. மயில் கழுத்து நிறத்தில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நேராகப் பார்த்தால் நீலம், மடிப்பு திரும்பினால் பச்சை. ஒவ்வொரு மடிப்பிலும் நிறம் மாறும் இந்தத் துணிக்கு ஒரே L, ஒரே a, ஒரே b என்று எதை எழுதுவது? சாதாரண ஒற்றை நிறப் புடவையின் படத்திலிருந்து இதை உண்டாக்கினால் சாயம் பூசிய பிளாஸ்டிக் போலத்தான் இருக்கும். கடிதத்தில் அந்தப் புடவைக்கு எதிரே எழுத வேண்டியது ஒரே வரி: “இதை மாற்ற வேண்டாம், தனியாகப் படமெடுத்து அனுப்புகிறோம்.”