நேர்காணல் வரிகளுக்குக் குறியிடுதல்

கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967இல் முன்வைத்த ‘கிரவுண்டட் தியரி’ முறையில் கோட்பாடு தரவிலிருந்தே எழ வேண்டும். அதனால் முதல் வேலை, எழுத்தாக்கிய நேர்காணலுக்கு வரிவரியாகக் குறியிடுவது. பயிற்சிக்கு ஓர் ஆசிரியர் இப்படிச் சொன்னார் என வைத்துக்கொள்வோம்:

“பின்னாடி நாலு பேரு எழுதவே இல்ல. குழு வேலைய விட்டுட்டு வெண்பலகைக்குப் போயிட்டேன். அன்னிக்குக் கண்காணிக்க யாரும் வரல, அந்தத் தைரியம்தான்.”

இதற்கு ‘வகுப்பறை மேலாண்மை’ என்று எழுதிவிடுகிறோம். (நானும் எழுதியிருக்கிறேன்.) அது வெறும் தலைப்பு, நேர்காணலைப் படிக்காமலேயே எழுதிவிடலாம். அவர் என்ன செய்தார் என்று தொழிற்பெயரில் எழுதுங்கள்: ‘எழுதாதவர்களைக் கவனித்தல்’, ‘திட்டத்தைக் கைவிடுதல்’, ‘யாரும் பார்க்கவில்லை என்று துணிதல்’.

அடுத்து ஒப்பிடுதல். இரண்டாமவர், “அதிகாரி உட்கார்ந்திருந்தாரு, புரியலன்னு தெரிஞ்சும் திட்டப்படியே முடிச்சேன்” என்கிறார். இருவருமே புரியாததைக் கவனித்தார்கள், முடிவுதான் வேறு. ஆகவே மூன்றாவது குறியைத் திருத்தி, ‘யார் பார்க்கிறார் என்று எடைபோடுதல்’ என்ற குவிமையக் குறியாக்கி, பழைய வரிகளையும் அதை வைத்து மறுபடி பார்க்கிறோம்.

இந்த எண்ணத்தை அப்போதே குறிப்பாக எழுதிவிடுங்கள், மறுநாள் மறந்துபோகும். ‘அதிகாரி இல்லாவிட்டாலும் தேர்வு நெருங்கினால் கை கட்டப்படுமா?’ என்று அதில் கேள்வி எழுந்தால், அடுத்த நேர்காணலுக்கு எஸ்.பி.எம். வகுப்பு எடுப்பவரைத் தேடிப் போக வேண்டும். எல்லா நேர்காணலையும் முடித்துவிட்டுக் குறியிட உட்கார்ந்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.