ராத்திரி 11:42-க்கு வந்த ஒரு ஃபார்ம்

ஆன்லைனில் ஏதோ ஒரு சாஃப்ட்வேர் பற்றிப் பார்த்துவிட்டு, பெயரும் போன் நம்பரும் போட்டு 'அனுப்பு' பட்டனை அமுக்கியிருப்பீர்கள். மறுநாள் ஒரு குரல் கூப்பிட்டு, "ஒரு சின்ன டெமோ பார்க்கலாமா சார்?" என்று கேட்டிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை. சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில், தொழிற்கூடங்களுக்குச் சம்பளக் கணக்கு சாஃப்ட்வேர் விற்கும் ஒரு சின்ன கம்பெனி என்னை உள்ளே விட்டது. கம்பெனி பெயரையும் ஆட்கள் பெயரையும் எழுதக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. வாங்க, சத்தம் போடாமல் பின்னாலேயே வாங்க!

வெள்ளிக்கிழமை காலை 9:20. சேல்ஸ் அறை என்றதும் கண்ணாடிச் சுவரும் பளபளப்பும் கற்பனை செய்திருந்தேன். நான் பார்த்தது ஸ்பாஞ்ச் பிய்ந்த ஹெட்செட்டுகள், மானிட்டரைச் சுற்றி மஞ்சள் சீட்டுகள், கீபோர்டு இடுக்கில் முறுக்குத் தூள். ஏசி ஓடுகிறது, ஆனாலும் பேசிப் பேசி எல்லார் நெற்றியிலும் வியர்வை. நடுமேஜையில் பூஜை அறையிலிருந்து எடுத்து வந்த மாதிரி ஒரு பித்தளைக் கைமணி. எதற்கு என்று கேட்டேன். "அது அடிக்கும்போது சொல்றோம்" என்று சிரித்தார்கள்.

வெள்ளைப் பலகையில் பெரிதாக 42 என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. இந்த மாத டார்கெட்டோ என்று நினைத்தேன். இல்லை. 2011-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் ஓர் ஆய்வு வந்தது. 2,241 அமெரிக்கக் கம்பெனிகளுக்கு ஃபார்ம் நிரப்பிவிட்டு, யார் எப்போது கூப்பிடுகிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். பதில் சொன்னவர்கள் சராசரியாக எடுத்துக்கொண்ட நேரம் 42 மணி. கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் பதிலே சொல்லவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் கூப்பிட்டவர்களுக்கு உருப்படியான பேச்சு அமையும் வாய்ப்பு, அதற்கு அடுத்த மணியில் கூப்பிட்டவர்களைவிட ஏறக்குறைய 7 மடங்கு. "42 ஆயிடக் கூடாது. அதுக்காகத்தான் எழுதி வச்சிருக்கோம்" என்றார் டீமின் தலைவி. எல்லாரும் அவரை 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

திரையில் ராத்திரி வந்த லீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஃபார்ம் நிரப்பிய ஆளுக்கு இவர்கள் பாஷையில் லீட் என்று பெயர். முதலில் களையெடுப்பு. ஒருவர் பெயர் asdf, நம்பர் 9999999999. சிரிப்போடு அதைத் தள்ளிவிட்டார்கள். இன்னொருவர் கல்லூரி பிராஜக்ட்டுக்காக விவரம் கேட்ட மாணவர். அவருக்கு ஒரு பிடிஎஃப் அனுப்பி வாழ்த்தும் சொன்னார்கள். மூன்றாவதைப் பார்த்ததும் அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வியாழன் இரவு 11:42. திருப்பூர். பனியன் தைக்கிற யூனிட், 60 ஆட்கள். கீழே குறிப்புப் பெட்டியில் ஒரே வரி: "ஷிப்ட் ஆள் பாதி, பீஸ் ரேட் பாதி, அட்வான்ஸ் கழிச்சு கணக்கு வருமா?"

"இந்த ஒரு வரி போதும்" என்றார் அக்கா. திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பளம். காலையிலிருந்து இரவு எட்டு, எட்டரை வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். சிலருக்கு ஷிப்ட் கணக்கு, சிலருக்குத் தைத்த பீஸ் கணக்கு. நடுவாரத்தில் வாங்கிய அட்வான்ஸை வேறு கழிக்க வேண்டும். வியாழன் நள்ளிரவுக்குப் பக்கத்தில் ஒரு முதலாளி இதைத் தட்டச்சு செய்கிறார் என்றால், நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து அப்போதுதான் தலையைப் பிடித்திருப்பார். அந்த நேரத்தில் யாரும் போன் செய்ய முடியாது. அதனால் 'கிடைத்தது, காலை 10 மணிக்குள் கூப்பிடுகிறோம்' என்று ஒரு தானியங்கிச் செய்தி மட்டும் உடனே போயிருந்தது. சொன்னால் சொன்னபடி கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

வேலை ஒரு திருநெல்வேலித் தம்பி கைக்குப் போனது. சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. கூப்பிடுவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு "சொல்லுங்க, வாங்க, பாருங்க" என்று முணுமுணுக்கிறார். கொங்குப் பக்கத்து 'ங்க' வாயில் தானாக வர வேண்டுமாம்! பக்கத்து சீட் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

9:38. எதிர்முனையில் போன் அடிக்கிறது, அடிக்கிறது, நின்றுவிட்டது. தம்பி உடனே மறுபடி டயல் செய்யப் போனார். அக்கா கையைப் பிடித்துவிட்டார். "மெஷின் ஓடுற நேரம். பாக்கெட்ல போன் அடிச்சாலும் கேக்காது. தெரியாத நம்பர்ல இருந்து மூணு தடவை அடிச்சா ஸ்பேம்னு போட்டுருவாங்க. பதினொரு மணி டீக்கு ஆள் வெளிய வருவார், அப்ப கூப்பிடு. இப்ப மெசேஜ் போடு." ஃபார்மில் 'வாட்ஸ்அப்பில் தொடர்புகொள்ளலாம்' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னார். இருந்தது.

இந்த விஜயத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி அடுத்துதான் வந்தது. தம்பி எழுதிய முதல் மெசேஜ் பதினோரு வரி. 'எங்கள் நிறுவனத்தின் மீது ஆர்வம் காட்டியதற்கு மனமார்ந்த நன்றி' என்று ஆரம்பித்து, 'முன்னணி', 'அதிநவீன', 'ஒருங்கிணைந்த' எல்லாம் தாண்டி, கடைசியில் 'உங்களுக்கு வசதியான நேரத்தைத் தெரிவிக்கவும்' என்று முடிந்தது. அக்கா ஒவ்வொரு வரியாக அழித்தார். "நன்றி சொல்றதுக்குள்ள அவர் போனை உள்ள வச்சிருவார். நாம முன்னணியா இல்லையான்னு அவர் கேக்கல. வசதியான நேரம் சொல்லுங்கன்னா அவர் யோசிக்கணும், அப்புறம் பார்க்கலாம்னு விட்டுருவார். ரெண்டு நேரம் நீயே சொல்லு. ஒண்ணைத் தொட்டா போதும்னு இருக்கணும்."

தம்பி வெள்ளி, சனி என்று இரண்டு நேரம் போட்டார். "சம்பளத்துக்கு முன்னாடி நாளும் சம்பள நாளுமா?" அக்கா தலையில் அடித்துக்கொள்ள, அறையே சிரித்தது. கடைசியில் போன மெசேஜ் இது:

"வணக்கங்க சார். நேத்து ராத்திரி எங்க ஃபார்ம்ல ஷிப்ட், பீஸ் ரேட், அட்வான்ஸ் மூணும் சேர்த்துக் கணக்கு வருமான்னு கேட்டிருந்தீங்க. வருங்க. உங்க கணக்கு மாதிரியே ஒண்ணு போட்டு, 15 நிமிஷத்துல உங்க போன்லயே காட்டறேன். செவ்வாய் காலைல 11:30, இல்லீன்னா புதன் சாயங்காலம் 4 மணி, எது தோதுப்படுங்க? சம்பளம் போடறவங்களும் கூட இருந்தா நல்லதுங்க."

கடைசி வரி அக்கா சேர்த்தது. முதலாளி மட்டும் பார்த்து 'நல்லா இருக்கு' என்று சொன்ன டெமோக்கள் நிறைய அப்படியே அடங்கிப் போயிருக்கின்றனவாம். தினமும் கணக்குப் போடுகிற ஆள் பக்கத்தில் இருந்தால்தான், 'லீவு போட்டவங்களுக்கு என்ன வரும்?' என்பது மாதிரிக் கேள்விகள் அங்கேயே வெளியே வரும்.

11:05. இந்த முறை எடுத்துவிட்டார்! பின்னால் டீ கிளாஸ் சத்தம் எனக்கே கேட்டது. "யாருங்க?" என்ற குரலில் கொஞ்சம் எரிச்சல். தம்பி கம்பெனி பெயரோடு அட்வான்ஸ் கழிக்கிற கேள்வியையும் சேர்த்துச் சொன்னதும் குரல் இளகியது. "ஆமாங்க, நாந்தான் கேட்டேன். ரேட்டு எவ்வளவுங்க? அதச் சொல்லுங்க மொதல்ல."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். 'டெமோ பார்த்தப்புறம் சொல்றேன் சார்' என்று நழுவுகிற இடம் இது. எனக்கு வந்த சேல்ஸ் கால்களில் பாதி இப்படித்தான் வழுக்கியிருக்கின்றன, அதோடு என் பொறுமையும் போயிருக்கிறது. தம்பி நழுவவில்லை. ஓர் ஆளுக்கு மாதம் எவ்வளவு என்று சொல்லி, 60 பேருக்குப் பெருக்கிக் காட்டினார். "ஆனா உங்க கணக்கு இதுல சரியா விழுதான்னு பார்க்காம காசு கொடுக்காதீங்க சார். அதுக்குத்தான் பதினஞ்சு நிமிஷம்" என்றார். எதிர்முனையில் ஒரு உறிஞ்சல். "புதன் நாலு மணி வெச்சுக்கலாங்க. கணக்குப் பாக்கற அம்மிணியையும் கூட்டிக்கறேன்."

நான் மணியைப் பார்த்தேன். யாரும் தொடவில்லை! நாள் குறித்ததற்கு இங்கே மணி கிடையாதாம். வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்தால்தான் அடிப்பார்கள். நாள் சொல்லிவிட்டு வராமல் போகிறவர்கள் அத்தனை பேர்.

இனி, வரவைக்கிற வேலை. காலண்டர் அழைப்பு மெயிலில் போனது. மெயிலைத் திறக்க மாட்டார் என்று தெரிந்து, அதே லிங்க் வாட்ஸ்அப்பிலும் போனது. "போன வாரச் சம்பளச் சீட்டு ஒரு பக்கம், பேரை மறைச்சு போட்டோ அனுப்ப முடியுங்களா?" என்று ஒரு சின்ன உதவியும் கேட்டார் தம்பி. ஞாயிறு மதியம் போட்டோ வந்துவிட்டது. பெயர்கள் இருக்கும் பகுதியின் மேல் ஒரு நீளக் கத்தரிக்கோலை வைத்துப் படமெடுத்திருந்தார். பனியன் கம்பெனிக் கத்தரிக்கோல்! அதை அறை முழுக்கக் காட்டிக் கொண்டாடினார்கள்.

செவ்வாய் மாலை ஒத்திகை பார்க்க நானும் மறுபடி போயிருந்தேன். சீட்டிலிருந்த ஐந்து வரிகளை மாதிரிக் கணக்கில் ஏற்றுகிறார்கள். ஒரு வரி உதைத்தது. கையால் எழுதிய தொகைக்கும் திரையில் வந்த தொகைக்கும் 40 ரூபாய் வித்தியாசம். அரை மணி நேரம் தேடி, அட்வான்ஸ் ஒன்று இரண்டு முறை ஏற்றப்பட்டதைக் கண்டுபிடித்தார்கள். இதே 40 ரூபாய் புதன்கிழமை அந்த அம்மிணி கண்ணில் பட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். காட்டப் போவது மூன்றே திரை: ஷிப்ட் பதிவு, பீஸ் பதிவு, சனிக்கிழமைச் சீட்டு. மற்ற வசதிகளைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்பது அக்கா உத்தரவு. காண்ட்ராக்டருக்கு மொத்தமாகத் தைக்கக் கொடுக்கும் பவர் டேபிள் கணக்கு இந்த சாஃப்ட்வேரில் வராது. கேட்டால் வராது என்றே சொல்ல வேண்டும் என்று தம்பி ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டிக்கொண்டார்.

புதன். காலை பத்துக்கு, "இன்னிக்கு நாலு மணிங்க சார், லிங்க் இதுதான்" என்று ஒரு வரி போனது. நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. 3:58. 4:00. 4:02. தம்பியின் கால் மேஜைக்கடியில் தந்தி அடிக்கிறது. 4:03-க்குத் திரையில் முதலில் ஒரு சீலிங் ஃபேன் தெரிந்தது, பிறகு ஒரு நெற்றி, பிறகு இரண்டு முகங்கள். பக்கத்து சேல்ஸ் அறையில் யாரோ மணியை அடித்தே விட்டார்கள், கணீர் என்று!

பதினைந்து நிமிடம் என்றது இருபத்திரண்டு நிமிடம் ஆனது. நீட்டியது அந்த அம்மிணிதான். பதினைந்தாவது நிமிடத்தில் தம்பி, "நேரம் ஆயிடுச்சுங்க, இத்தோட நிறுத்திக்கலாமா?" என்று கேட்டார். "ஒன்றரை ஷிப்ட்ல பாதில போனவங்களுக்கு?" என்று அவர் அடுத்த கேள்வியைப் போட்டார். பவர் டேபிள் கேள்வியும் வந்தது. வராதுங்க என்று சொன்னார் தம்பி. முதலாளி தலையாட்டிவிட்டு, "அண்ணங்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேனுங்க" என்றார். எப்போது கூப்பிடட்டும் என்று தம்பி கேட்டதற்குத் திங்கள் டீ நேரம் என்று பதில்.

இதை எழுதும்போது அந்த விற்பனை முடியவில்லை. திங்கள் 11:05 என்று சிஆர்எம்மில் குறித்து வைத்திருக்கிறார்கள். உங்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை எங்காவது ஃபார்ம் நிரப்பினால், குறிப்புப் பெட்டியைக் காலியாக விடாதீர்கள். உங்கள் நிஜமான கேள்வியை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். நான் பார்த்த அறையில் அந்த வரியைத்தான் முதலில் படிக்கிறார்கள்.