ஏப்ரல் 13, 14 மூடல் என்று எழுதினால் மட்டும் போதாது

சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போது இலங்கையின் தேயிலை ஏற்றுமதி அலுவலகங்களிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போகும். மேலே நிறைகுடமும் குத்துவிளக்கும் உள்ள படம், அதன்கீழ் வாழ்த்து, கடைசியில் 'ஏப்ரல் 13, 14 ஆகிய நாட்களில் அலுவலகம் மூடப்பட்டிருக்கும்' என்று ஒரு வரி. அந்த வரி உண்மைதான். ஆனால் ஹாம்பர்க்கில் அதைப் படிக்கும் வியாபாரி, 15ஆம் தேதியிலிருந்து சரக்கு பழையபடி நகரும் என்று கணக்குப் போட்டுவிடுவார். அவருக்குத் தெரிய வேண்டியது நம் அலுவலகக் கதவு என்று பூட்டியிருக்கும் என்பதல்ல. அவருடைய தேயிலை என்று கப்பலேறும் என்பதே. இந்த இரண்டுக்கும் நடுவே பல நாள் இடைவெளி இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க நோட்டன் பிரிட்ஜிலிருந்து தொடங்கலாம்.

காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குக் கீழே, கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய நோட்டன் அணையைச் சுற்றியிருக்கும் சரிவுகளெல்லாம் தேயிலை. இங்கே பறித்த கொழுந்தை நெல் மூட்டைபோல் அடுக்கிவைத்துவிட்டு ஊருக்குப் போக முடியாது. அன்றைய கொழுந்து அன்று மாலையே வாட்டும் தட்டில் பரப்பப்படும். இரவு முழுக்க வாடி, மறுநாள் உருட்டி, நொதிக்கவைத்து, உலர்த்தி, சலித்த பிறகுதான் அது தேயிலை. ஆகவே தொழிற்சாலை ஞாயிறன்று அடுப்பை அணைக்க வேண்டுமானால், கொழுந்து பறிப்பது சனிக்கிழமையே நின்றாக வேண்டும். திறக்கும்போதும் இதே கதைதான். முதல் நாள் கொழுந்து வரும், மறுநாள்தான் தேயிலை வரும். மூடும் பக்கம் ஒரு நாள், திறக்கும் பக்கம் ஒரு நாள் என்று விடுமுறை தானாக நீண்டுவிடுகிறது.

செடி விடுமுறை எடுப்பதில்லை என்பது இன்னொரு சிக்கல். ஒரு மலையில் பறித்துவிட்டு அதே மலைக்குத் திரும்ப ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஏப்ரலில் மழை தொடங்கிக் கொழுந்து வேகமாகக் கிளம்பும் நேரத்தில்தான் புத்தாண்டும் வருகிறது. நான்கைந்து நாள் பறிக்காமல் விட்டால் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக எடுக்க வேண்டியது மூன்றாவது, நான்காவது இலை விரிந்து முற்றிப்போகும். திறந்த முதல் சில நாட்களில் வரும் தேயிலையில் நாரும் காம்பும் கூடுதலாக இருக்க இது ஒரு காரணம். மென்மையான தேயிலை கேட்கும் வாடிக்கையாளருக்கு 'விடுமுறைக்குப் பிந்தைய முதல் சுற்றிலிருந்து உங்களுக்கு எடுக்கமாட்டோம்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. அப்படிச் சொன்ன அலுவலகத்தின் மேல் நம்பிக்கை கூடத்தான் செய்யும்.

இனி கொழும்பு. 1883இல் தொடங்கிய கொழும்பு தேயிலை ஏலம் 2020 முதல் கணினி வழியாக நடக்கிறது. வழக்கமாகச் செவ்வாயும் புதனும் ஏல நாட்கள். புத்தாண்டு வாரத்தில் ஏலம் இல்லை. திரையைத் தட்டி வாங்கும் ஏலத்துக்கு ஏன் விடுமுறை என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்கக்கூடும். திரைக்குப் பின்னால் இருப்பதெல்லாம் கைவேலை. தோட்டத்திலிருந்து சரக்கு கொழும்புக் கிடங்குக்கு இறங்க வேண்டும், தரகர் அதிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும், வாங்குவோர் சுவைத்துப் பார்த்து விலை குறிக்க வேண்டும். இந்தப் படிகளால் நோட்டன் பிரிட்ஜில் பறித்த கொழுந்து ஏலப் பட்டியலில் ஏறி விற்பனையாக மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். எனவே ஏப்ரல் நடுவில் உற்பத்தி நின்றதன் பள்ளம் ஏப்ரலில் தெரியாது. மே மாதப் பட்டியலில்தான் அந்தத் தோட்டத்தின் பெயருக்கு எதிரே மூட்டைகள் குறைந்திருக்கும். குறிப்பிட்ட ஒரு தோட்டத்தின் தேயிலையையே கேட்டு வாங்குபவருக்கு விடுமுறையின் பாதிப்பு, விடுமுறை முடிந்து எல்லோரும் மறந்துவிட்ட பிறகு வருகிறது. இதை அறிவிப்பில் எழுதுபவர்கள் மிகக் குறைவு. எழுதவேண்டிய முதல் விஷயமே இதுதான் என்பேன்.

ஓர் உதாரணத்தை நாட்காட்டியோடு பார்ப்போம். 2026இல் ஏப்ரல் 13 திங்கள், புத்தாண்டு நாளான 14 செவ்வாய். ஏலம் வழக்கமான கிழமைகளில் நடப்பதாக வைத்துக்கொண்டால், விடுமுறைக்கு முந்தைய ஏலம் 7, 8 தேதிகளில், அடுத்தது 21, 22 தேதிகளில். ஒரு வாடிக்கையாளர் இருபதடிக் கண்டெய்னர் ஒன்றுக்கான ஆர்டரை ஏப்ரல் 2 அன்று உறுதிசெய்கிறார். ஏற்றுமதியாளர் 7, 8இல் சரக்கை வாங்கிவிடலாம். வாங்கியவர் பணம் கட்ட ஏழு நாள் அவகாசம் உண்டு. ஆனால் அந்த ஏழாம் நாள் விடுமுறைக்குள் விழுகிறது. பணம் கட்டினால்தான் கிடங்கிலிருந்து சரக்கை எடுக்க அனுமதி. 10ஆம் தேதிக்குள் கட்டி எடுத்துவிட்டாலும், கலந்து பொதி செய்யும் ஆட்கள் அதற்குள் ஊருக்குப் பஸ் ஏறியிருப்பார்கள். பல கிடங்குகளில் முழு ஆள்பலம் திரும்புவது அடுத்த திங்கள், அதாவது 20ஆம் தேதி. பொதி செய்து, ஆவணங்கள் முடித்து, கண்டெய்னரில் ஏற்ற 24 ஆகும். 27ஆம் தேதியை ஒட்டிய கப்பலைப் பிடிக்கலாம்.

இதே ஆர்டரை அவர் ஏப்ரல் 9இல் உறுதிசெய்தால்? ஏலம் முடிந்துவிட்டது. 21, 22இல்தான் வாங்க முடியும். பணம் கட்டிச் சரக்கை எடுக்கும்போது மாதக் கடைசி, பிறகு மே தினம். மே முதல் வாரத்தில் பொதி செய்தால் கப்பல் கிட்டத்தட்ட 9ஆம் தேதி. உறுதிப்பாடு ஒரு வாரம் பிந்தியதற்கு ஏற்றுமதி ஏறக்குறைய இரண்டு வாரம் பிந்துகிறது. வாரம் ஒருமுறை புறப்படும் கப்பலைத் தவறவிட்டால் ஒரு நாள் தாமதமும் ஏழு நாளாகும் என்பதால் கணக்கு இப்படி வீங்குகிறது.

அறிவிப்பை எப்போது அனுப்புவது என்பதற்கும் இந்த நாட்காட்டியே விடை சொல்கிறது. 2026இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 3. ஐரோப்பாவில் பல நாடுகளில் 6ஆம் தேதித் திங்களும் விடுமுறை. ஏப்ரல் 2 மாலை நாம் அனுப்பும் அறிவிப்பை அங்கே 7ஆம் தேதி காலைதான் திறப்பார்கள். அன்று கொழும்பில் ஏலம் நடந்துகொண்டிருக்கும். ஆகவே மார்ச் முதல் வாரத்தில் ஒரு முறை, மார்ச் கடைசியில் நினைவூட்டலாக ஒரு முறை அனுப்புவதே சரி.

பணம் நாணயக் கடிதம், அதாவது எல்.சி. மூலம் வருமானால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். வங்கிகள் பின்பற்றும் யூ.சி.பி. 600 விதிகளின் 29ஆம் பிரிவின்படி, ஆவணம் ஒப்படைக்கும் கடைசி நாளில் வங்கி விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள்வரை அவகாசம் நீளும். ஆனால் சரக்கைக் கப்பலேற்றும் கடைசித் தேதி நீளாது. எல்.சி.யில் ஏப்ரல் 15 என்று இருந்து கப்பல் 27இல் போனால், புத்தாண்டு என்று சொல்லி வங்கியிடம் தப்ப முடியாது. ஆவணம் பிழையுள்ளதாகவே பதிவாகும். தேதியைத் திருத்தித் தரும்படி வாடிக்கையாளரிடம் மார்ச்சிலேயே கேட்டுவிட வேண்டும். திருத்தமும் இரண்டு வங்கிகளைக் கடந்துதான் வரும்.

இத்தனையையும் வைத்துக்கொண்டு அறிவிப்பை எழுதினால் இப்படி அமையலாம். வாடிக்கையாளரின் மொழியில் போகவேண்டிய செய்திதான் இது:

"சிங்களவரும் தமிழரும் சேர்ந்து கொண்டாடும் சித்திரைப் புத்தாண்டு ஏப்ரல் 14 அன்று பிறக்கிறது. உங்களுக்கும் உங்களுடன் பணிபுரிவோருக்கும் எங்கள் அலுவலகத்தின் சார்பிலும், உங்கள் தேயிலை விளையும் நோட்டன் பிரிட்ஜ் தொழிலாளர் குடும்பங்களின் சார்பிலும் வாழ்த்துகள்.

எங்கள் அலுவலகம் ஏப்ரல் 11 சனி முதல் 15 புதன் வரை மூடியிருக்கும். ஏப்ரல் 2க்குள் நீங்கள் உறுதிசெய்யும் ஆர்டர், ஏப்ரல் கடைசி வாரக் கப்பலில் ஏறும். அதற்குப் பின் வருவது மே இரண்டாம் வாரத்தை ஒட்டி ஏறும். பொதி செய்யும் பணி ஏப்ரல் 20 அன்று மீண்டும் தொடங்கும். நோட்டன் பிரிட்ஜ் தேயிலை மே மாத ஏலங்களில் வழக்கத்தைவிடக் குறைவாகக் கிடைக்கலாம். அதையே விரும்புவோர் இப்போதே சொன்னால் முன்கூட்டி வாங்கிவைப்போம். உங்கள் எல்.சி.யில் கப்பலேற்றும் தேதி ஏப்ரல் 27க்கு முன்பு இருந்தால் மார்ச் 20க்குள் திருத்தித் தரும்படி வேண்டுகிறோம். கப்பல் தேதிகள் மதிப்பீடுகளே. இடம் உறுதியானதும் கப்பலின் பெயரோடு எழுதுவோம். அவசரத்துக்கு விடுமுறையிலும் ஒருவர் பதில் தருவார்."

வாழ்த்து இரண்டே வரி. மீன ராசி, மேஷ ராசி, பாற்சோறு, கைவிசேஷம் எல்லாம் அழகான விஷயங்கள்தான். ஆனால் அவை மூன்று பத்தி ஓடினால் தேதிகள் கண்ணில் படாமல் போகும். தேதியில் மாதத்தை எழுத்தில் போடுவது கட்டாயம். 04/05 என்பது ஒரு நாட்டில் மே 4, இன்னொரு நாட்டில் ஏப்ரல் 5. 'சிறு தாமதம் ஏற்படலாம்' என்ற வாக்கியத்தை அடியோடு விட்டுவிடலாம். அதை வைத்துக்கொண்டு வாங்குபவர் எந்த முடிவும் எடுக்க முடியாது.

தீபாவளிக்கு இந்த அறிவிப்பை அப்படியே திரும்ப அனுப்பக்கூடாது. சித்திரைப் புத்தாண்டு இலங்கையில் பொது, வங்கி, வர்த்தக விடுமுறை மூன்றும் ஆகும். தீபாவளியோ பொது விடுமுறையும் வங்கி விடுமுறையும் மட்டுமே, வர்த்தக விடுமுறை அல்ல. எனவே கொழும்பு அலுவலகம் திறந்திருக்கலாம், மின்னஞ்சலுக்குப் பதிலும் போகலாம். ஆனால் கொழுந்தெடுப்போரில் பெரும்பாலோர் தமிழர்களாக உள்ள நோட்டன் பிரிட்ஜ் மலையில் அன்று கூடை தூக்க ஆளிருக்காது. 2025இல் தீபாவளி அக்டோபர் 20 திங்களில் வந்தது. ஞாயிற்றோடு சேர்ந்ததால் பறிப்பு நின்றது ஒரு நாளல்ல. அலுவலகத்திலிருந்து பதில் வருவதைப் பார்க்கும் வாடிக்கையாளர் மலையிலும் வேலை நடக்கிறது என்றே நினைப்பார். 'அலுவலகம் திறந்திருக்கும், தோட்டம் மூடியிருக்கும்' என்று தீபாவளி அறிவிப்பில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

அறிவிப்பு எழுத உட்காருமுன் மூன்று பேரிடம் பேசிவிடுங்கள். கடைசிக் கொழுந்து எந்த நாள் என்று தொழிற்சாலை அலுவலகத்திடமும், ஏல நாளும் பணம் கட்டும் நாளும் எவை என்று தரகரிடமும், கண்டெய்னரை ஒப்படைக்கும் கடைசி நேரம் எது என்று கப்பல் முகவரிடமும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் தேதிகளையே வாடிக்கையாளருக்கு எழுதுங்கள்.